செம்மண் கறை பிடித்த வெள்ளைச் சப்பாத்தும் மெஷினும்

"அண்ணே, மகளோட வெள்ளைக் கேன்வாஸ் சப்பாத்துல ஒரே செம்மண் கறை. பிளீச்சுல ஊறப்போட்டேன், காய்ஞ்சதும் மஞ்சளாப் போச்சு, மண் கறையும் அப்படியே இருக்கு. மகனோட ஓடுற சப்பாத்த மெஷின்ல போட்டா கம் விட்டுரும்னு சொல்றாங்க, உண்மையா? வீட்டுல ரெண்டு தொட்டி மெஷின்தான் இருக்கு. பேசாம டோபியில கொண்டு போய்ப் போட்டுரவா?"

தங்கச்சி, முதலில் பிளீச் போத்தலை ஓரமாக வைத்துவிடு. செம்மண்ணுக்கு அது மருந்தே இல்லை. நம் பகாவ் பக்கம் செம்பனைக் காட்டிலும் திடலிலும் இருக்கிற மண் ஏன் சிவப்பாக இருக்கிறதென்றால், அதில் இரும்புத் துரு கலந்திருக்கிறது. பிளீச் எண்ணெய், வியர்வை, சாயம் மாதிரியானவற்றின் நிறத்தைத்தான் உடைக்கும். துரு ஏற்கெனவே காற்று பட்டு முழுசாகத் துருவாகிப்போன சாமான், அதில் பிளீச் உடைப்பதற்கு ஒன்றுமில்லை. அதனால் நீ எத்தனை மணி நேரம் ஊறப்போட்டாலும் மண் கறை இருந்த இடத்திலேயே இருக்கும், துணிதான் பலவீனமாகும்.

மஞ்சள் வேறு விஷயம். அது இரண்டு வழியில் வரும். ஒன்று, பிளீச்சும் சவுக்காரமும் சரியாக அலசப்படாமல் துணிக்குள் தங்கிவிடுவது. இரண்டும் காரத்தன்மை உள்ளவை. சப்பாத்து ஒற்றைத் துணி இல்லை, வெளியே கேன்வாஸ், உள்ளே இன்னொரு துணி, நடுவில் பசை, அடியில் அட்டை என்று அடுக்கடுக்காக இருக்கும், அத்தனை அடுக்கும் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். வெயிலில் வைத்ததும் அந்தத் தண்ணீர் வெளித்துணி வழியாகத்தான் ஆவியாகும், வரும்போது உள்ளே இருந்த சவுக்காரம், அழுக்கு, பசையின் கசிவு எல்லாவற்றையும் மேலே இழுத்து வந்து போட்டுவிட்டுப் போகும். அதனால்தான் ரப்பர் விளிம்பை ஒட்டியும் தையலை ஒட்டியும் மஞ்சள் வளையமாக விழுகிறது. இந்த மஞ்சள் போகும். இரண்டாவது வழி, பாலியஸ்டர், நைலான், எலாஸ்டிக் கலந்த துணியை பிளீச்சே மஞ்சளாக்கிவிடுவது, அது போகாது. உன்னுடையது எது என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது: மஞ்சள் பட்ட ஒரு மறைவான ஓரத்தில் கொஞ்சம் வினிகர் கலந்த தண்ணீரைத் தடவிப் பத்து நிமிஷம் விட்டுப் பார், மங்கினால் முதல் வகை, மங்காவிட்டால் பெரும்பாலும் இரண்டாவது வகை. அதற்கு முன்னால் சப்பாத்தை நன்றாக அலசி, பிளீச் வாடை துளியும் இல்லாமல் ஆக்கியிருக்க வேண்டும். இதை அழுத்திச் சொல்கிறேன், பிளீச்சும் வினிகரும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், கதவு சாத்திய குளியலறையில் அது ஆபத்து. எலுமிச்சைச் சாறு, சிட்ரிக் அமிலம், கழிப்பறை கழுவும் அமிலம் எதையும் பிளீச்சோடு சேர்க்கக் கூடாது.

சரி, வெள்ளைக் கேன்வாஸை எப்படித் துவைப்பது என்று முழுசாகச் சொல்கிறேன். இதைக் கையால்தான் துவைக்க வேண்டும், மெஷின் வேண்டாம். துணிக்கு மெஷினால் கெடுதி வரும் என்பதற்காக இல்லை, செம்மண் கறையை இடம் பார்த்து எடுக்கணும், மெஷினுக்கு அந்த இடம் தெரியாது, அழுக்குத் தண்ணீரைச் சுற்றிச் சுற்றிச் சுத்தமான பகுதிக்கும் பரப்பிவிடும்.

மண் ஈரமாக இருக்கும்போது தண்ணீர் ஊற்றாதே. பலர் திடலிலிருந்து வந்ததும் குழாயைத் திறந்து நேரே அடிப்பார்கள். செம்மண்ணின் களி மிகவும் நைசானது, ஈரத்தில் தேய்த்தால் நூலுக்கும் நூலுக்கும் இடையில் போய் உட்கார்ந்துகொள்ளும். வராந்தாவில் ஓர் இரவு காய விடு. மறுநாள் இரண்டு சப்பாத்தின் அடியையும் ஒன்றோடொன்று தட்டு, காய்ந்த பிரஷ்ஷால் துணியின் நெசவு போகிற பக்கமாகத் தேய்த்து உதிர்த்துவிடு. ஒரு துளி தண்ணீர் படாமலே பாதி மண் போய்விடும். கயிற்றையும் உள்ளே இருக்கும் தடுக்கையும் கழற்றித் தனியே வை. கயிறு போகும் ஓட்டைகளின் உலோக வளையத்தை ஒருமுறை பார்த்துக்கொள், அதுவே துருப்பிடித்திருந்தால் வளையத்தைச் சுற்றி வரும் பழுப்பு மண்ணால் வந்ததில்லை, துவைத்த பிறகும் ஈரம் பட்டால் திரும்ப வரும்.

இப்போது வெறும் குழாய்த் தண்ணீரில் அலசு, சவுக்காரம் இல்லாமல். வடியும் தண்ணீர் சிவப்பு நிற்கும்வரை அலசவேண்டும். அதற்குப் பிறகும் நிற்கிற கறைதான் உண்மையான துருக்கறை. அதற்கு சிட்ரிக் அமிலம் வேண்டும், கேக் சாமான் விற்கிற கடையில் சின்னப் பொட்டலமாகக் கிடைக்கும், விலை அதிகமில்லை. அரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி கலக்கு. கையுறை போட்டுக்கொள், கையில் வெட்டுக்காயம் இருந்தால் எரியும். கறை உள்ள இடத்தில் மட்டும் பழைய பல் பிரஷ்ஷால் தடவி, அது காயாமல் இருக்க மேலே பிளாஸ்டிக் பையைச் சுற்றி, இருபது முப்பது நிமிஷம் விடு. பிறகு அலசிப் பார். கறை மங்கியிருந்தால் இன்னொரு தடவை செய்யலாம். மூன்று தடவைக்கு மேல் மாறவில்லையென்றால் அது அங்கேயே தங்கிவிட்டது என்று விட்டுவிடு, மேற்கொண்டு தேய்த்தால் கறைக்கு முன்னால் துணி போய்விடும். இரண்டு விஷயம் கவனம்: சிட்ரிக் அமிலத்தை கேன்வாஸில் காய விடவே கூடாது, அது வினிகர் மாதிரி ஆவியாகிப் போகாது, துணியிலேயே தங்கிப் பருத்தி நூலை இற்றுப்போக வைக்கும். உலோக வளையத்திலும் அதிக நேரம் படவிடாதே.

அலசி முடித்ததும்தான் சவுக்காரம். ஒரு லிட்டர் தண்ணீருக்குத் திரவச் சோப்பு ஒரு தேக்கரண்டி போதும். தூள் சோப்பு வேண்டாம், கரையாத துகள் கேன்வாஸ் நூலில் மாட்டிக்கொண்டு மறுபடி அதே மஞ்சளைக் கொண்டு வரும். மென்மையான நைலான் பிரஷ்ஷால் துணியைத் தேய், ரப்பர் விளிம்புக்கு மட்டும் கொஞ்சம் கடினமான பிரஷ் எடுத்துக்கொள்ளலாம். முழுச் சப்பாத்தையும் வாளியில் அமுக்கி மணிக்கணக்கில் ஊறப்போடும் பழக்கத்தை விட்டுவிடு. பதினைந்து நிமிஷத்துக்கு மேல் ஊறுவதால் அழுக்கு கூடுதலாகப் போவதில்லை, அடியில் இருக்கும் அட்டைதான் உப்பி, நடக்கும்போது மேடுபள்ளமாகிவிடும்.

மூன்று நான்கு தண்ணீரில் அலசு. ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி வெள்ளை வினிகர் கலந்து அதுதான் கடைசித் தண்ணீர். சப்பாத்தை அதில் ஐந்து நிமிஷம் முக்கிவை. உள்ளே தங்கிய காரத்தை அது அடக்கிவிடும். உன் சப்பாத்தில் விழுந்திருக்கிற மஞ்சள் வளையம் காரத்தால் வந்ததென்றால், அதுவும் இந்த இடத்தில்தான் மங்கும்.

பிறகு டிஷ்யூ. இதைச் சொன்னால் ஆளுக்கு ஆள் நம்ப மறுப்பார்கள், ஆனால் வெள்ளைச் சப்பாத்துக்கு இதைவிட உருப்படியான வேலை வேறில்லை. ஈரமான சப்பாத்தின் வெளிப்புறம் முழுக்க வெள்ளை டிஷ்யூத் தாளை இரண்டு அடுக்காக ஒட்டு, ஈரத்திலேயே ஒட்டிக்கொள்ளும், ரப்பர் ஓரத்திலும் இடைவெளி விடாமல் அழுத்திவிடு. இப்போது தண்ணீர் கேன்வாஸில் ஆவியாகாது, தாள் வரைக்கும் வந்து தாளில்தான் ஆவியாகும், அது இழுத்து வரும் அழுக்கும் தாளிலேயே தங்கும். நன்றாகக் காய்ந்ததும் உரித்துப் பார், தாள் மஞ்சளாக இருக்கும், கேன்வாஸ் வெள்ளையாக இருக்கும். உள்ளே அடைக்கிற தாளும் வெள்ளையாகத்தான் இருக்க வேண்டும். நாளிதழை உள்ளே திணித்தால் அதன் மை வெள்ளைத் துணியில் இறங்கும், கறுப்புப் பள்ளிச் சப்பாத்துக்கு வேண்டுமானால் நாளிதழ் பரவாயில்லை.

போன மழைக்காலத்தில் என் டோபிக் கடைக்கு ஒரு பெண் இதே மாதிரி ஒரு ஜோடியைக் கொண்டு வந்தாள். வெள்ளைக் கேன்வாஸ், முன்பக்கம் ரப்பர் தொப்பி வைத்தது, தோட்டத் திடலில் ஓட்டப்பந்தயம் ஓடிவிட்டு வந்தது. வீட்டில் பிளீச் போட்டு வெயிலில் வைத்திருக்கிறார்கள். பக்கவாட்டில் விரல் பட்ட மாதிரி மூன்று செம்மண் தடம், விளிம்பு முழுக்க மஞ்சள், ரப்பர் தொப்பியும் லேசாக மஞ்சள். முதலில் பிளீச் வாடை போகும்வரை வெறும் தண்ணீரில் அலசினேன். சிட்ரிக் இரண்டு தடவை வைத்ததில் இரண்டு தடம் போய்விட்டது, தையல் மேல் இருந்த ஒன்று மங்கியதோடு நின்றுவிட்டது, தையல் நூல் தடிப்பாக இருப்பதால் களி உள்ளே போய்விட்டிருந்தது. சவுக்காரம், வினிகர், டிஷ்யூ, விசிறி. மறுநாள் தாளை உரித்தபோது விளிம்பின் மஞ்சள் முழுக்கத் தாளுக்கு வந்திருந்தது. ரப்பர் தொப்பி மட்டும் அப்படியேதான் இருந்தது. ரப்பர் மஞ்சளாவது வெயிலும் காற்றும் பட்டு ரப்பரே மாறுவதால், அதைக் கழுவி எடுக்க முடியாது. சமையல் சோடாவைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்துத் தேய்த்தால் மேல் அழுக்கு போகும், அவ்வளவுதான். அந்தப் பெண்ணிடமும் இதைத்தான் சொன்னேன்.

அப்புறம் மகனின் சப்பாத்து. மெஷினில் போட்டால் கம் விடும் என்பது பாதி உண்மை. பசையைத் தண்ணீர் பிரிப்பதில்லை, சூடுதான் பிரிக்கிறது. ஓடுகிற சப்பாத்தின் மேல் வலைத் துணியையும் நடுவில் இருக்கும் நுரை அடியையும் ஒட்டுகிற பசையைத் தொழிற்சாலையிலேயே சூடுகாட்டி இளக்கித்தான் ஒட்டுகிறார்கள், அந்தச் சூடு ஏறக்குறைய 60, 70 பாகை. திரும்ப அதே அளவு சூடு பட்டால் அது திரும்ப இளகும். நுரையும் சூட்டில் சுருங்கும், சுருங்கினால் ஒட்டிய இடத்தை இழுக்கும். அதனால் வெந்நீர்த் துவைப்பு, உலர்த்தும் மெஷின், மத்தியானத்தில் தகரக் கூரை மேல் வைப்பது, காரின் பின்கண்ணாடியோரம் வைப்பது, எல்லாம் ஒரே வகைக் கெடுதல்தான். நம் குழாய்த் தண்ணீர் எந்த நாளும் இதமாகத்தான் இருக்கும், சூடாக்கவே தேவையில்லை.

துவைப்பதற்கு முன்னால் ஒரு சோதனை. சப்பாத்தின் முன்பகுதியை மடக்கிப் பிடித்து, மேல் துணியும் அடியும் சேர்கிற கோட்டைப் பார். பத்து சென் காசின் விளிம்பு உள்ளே நுழைகிற அளவுக்கு எங்காவது வாய் திறந்திருந்தால் அதை மெஷினில் போடாதே, உரசலில் அந்த வாய் இன்னும் நீளும். மேல்பக்கத்தை மட்டும் ஈரப் பிரஷ்ஷால் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் ஒட்டிக்கொள். தோல், மெதுதோல் எனப்படும் மயிர்போன்ற தோல் வைத்தவை, அடியில் ஆணி வைத்த பந்து விளையாடும் சப்பாத்து, இவையும் மெஷினுக்கு வேண்டாம்.

உன் வீட்டு இரண்டு தொட்டி மெஷினைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன்: துவைக்கும் தொட்டியில் சப்பாத்தைப் போடாதே. அதன் அடியில் சுழலும் தட்டு இருக்கிறது, துணியென்றால் அது மேலாகத் தள்ளும், சப்பாத்தின் கெட்டியான குதிகால் அதில் திரும்பத் திரும்ப மோதும். சப்பாத்தும் அடிபடும், தட்டும் உடையும். பக்கத்துத் தொட்டியில் தண்ணீர் பிழியலாம், அது உனக்கு உண்மையில் பெரிய உதவி. கையால் துவைத்து, ஒவ்வொரு சப்பாத்தையும் ஒரு பழைய துண்டில் சுற்றி, தொட்டியில் எதிரெதிராக நிற்கவைத்து, நடுவில் இன்னொரு துண்டைத் திணித்து, அந்த அழுத்தும் பிளாஸ்டிக் மூடியைப் போட்டு ஒரு நிமிஷம் மட்டும் சுற்று. ஒரு சப்பாத்தை மட்டும் போட்டால் ஒரு பக்கம் பாரமாகி மெஷினே ஆட ஆரம்பிக்கும், உடனே நிறுத்திவிடு. வெள்ளைக் கேன்வாஸுக்கும் இதைச் செய்யலாம், காயும் நேரம் பாதியாகும்.

தானாக ஓடும் மெஷின் உள்ள வீட்டில் என்றால் வேறு. வலைப்பையில், இல்லையென்றால் வாயைக் கட்டிய தலையணை உறையில் சப்பாத்தைப் போட்டு, கூடவே இரண்டு மூன்று பழைய துண்டு போடணும். துண்டு எதற்கென்றால் அது மோதலைத் தாங்கும், பாரத்தையும் சமமாக்கும். மென்துணிக்கான ஓட்டம், குளிர்ந்த தண்ணீர், வழக்கமான சோப்பில் பாதி, சுழற்சி இருப்பதிலேயே குறைந்தது. துணிக்கு வாசம் சேர்க்கும் மென்மையாக்கி வேண்டாம், அது வலைத் துணியில் மெழுகு மாதிரி படிந்து காற்றை அடைக்கும், வியர்வை வாடை அதற்குள் மாட்டிக்கொண்டு சீக்கிரம் நாறும். தடுக்கைக் கையால் தனியே கழுவு, அது மெஷினில் சுற்றினால் மடிந்து மறுபடி நேராகாது. முடிந்ததும் மெஷினின் வடிகட்டியைத் திறந்து பார், மணலும் சின்னக் கல்லும் அங்கேதான் சேர்ந்திருக்கும்.

டோபியில் போடலாமா என்று கேட்டாய். முதலில் சுவரில் ஒட்டியிருப்பதைப் படி, பல கடைகளில் துணி மெஷினில் சப்பாத்து போடக் கூடாது, அடுத்தவர் அதில்தான் தொழுகைத் துணியும் குழந்தைத் துணியும் போடுவார்கள், அதனால் அந்தக் கட்டுப்பாடு நியாயமானது. சப்பாத்துக்கென்றே பிரஷ் வைத்த மெஷின் இருக்கிற கடைகள் உண்டு, அங்கே மகனின் சப்பாத்தைத் தாராளமாகப் போடலாம், குளிர்நீர் பொத்தானை அழுத்து. ஆனால் துணி உலர்த்தும் பெரிய மெஷினில், குறைந்த சூட்டில் வைத்தாலும் போடாதே. எங்களிடம் அடி கழன்று வருகிறவை பெரும்பாலும் அதிலிருந்து எடுக்கப்பட்டவைதான்.

இன்னொன்று, துவைத்ததால்தான் அடி கழன்றது என்று பலர் சண்டைக்கு வருவார்கள், அதில் துவைப்பின் குற்றம் இல்லாத ஒரு வகையும் இருக்கிறது. சில சப்பாத்தின் நடு அடி பாலியூரித்தேன் என்கிற நுரை. ஈரக் காற்றில் அது வருஷக்கணக்கில் உள்ளுக்குள்ளேயே சிதையும், காலில் போடாமல் பெட்டியிலேயே வைத்திருந்தாலும் சிதையும், நம் ஊர் காற்றுக்கு இன்னும் சீக்கிரம். பழைய சப்பாத்தை எடுத்தால் நடு அடியை நகத்தால் அழுத்திப் பார். ரப்பர்போலத் திரும்பி எழுந்தால் நல்லது. பிசுபிசுத்தாலோ, பிஸ்கட் தூள்போல உதிர்ந்தாலோ அதைத் துவைக்க நேரம் செலவழிக்க வேண்டாம்.

காய வைப்பதற்கு வெயில் தேவையில்லை, காற்றுதான் தேவை. நிழலில் மேசை விசிறிக்கு முன்னால், நாக்கை வெளியே இழுத்துவிட்டு, குதிகாலைச் சுவரில் சாய்த்து வை. உள்ளே அடைத்த தாளை முதல் இரண்டு மணி நேரத்திலேயே மாற்றிவிடு, ஈரத்தாளை இரவு முழுக்க உள்ளேயே விட்டால் அதுதான் பூசணம் பிடிக்கும் இடம். மழைக்காலத்தில் ஒன்றரை நாள் ஆகும். காய்ந்ததா என்று வெளித்துணியைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதே, கையை உள்ளே விட்டு விரல் நுனியை முன்பக்க மூலையில் அழுத்திப் பார், சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. திங்கட்கிழமை பள்ளிக்கு வேண்டுமென்றால் சனிக்கிழமை காலையில் துவைத்துவிடு, ஞாயிறு சாயங்காலம் வரைக்கும் தள்ளினால் பிள்ளை ஈரச் சப்பாத்தைத்தான் மாட்டிக்கொண்டு போகும்.